60 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மரை 50-இல் ஓட்டலாமா? 50-ஐ 60-இல்? கணக்குப் போட்டு, அளந்து பார்த்து முடிவு செய்யும் முறை

வெளிநாட்டு இயந்திரம் ஒன்று பழுதுக்கு வந்திருந்தது. அதன் கன்ட்ரோல் பெட்டிக்குள் 500 விஏ டிரான்ஸ்ஃபார்மர். பெயர்ப்பலகையில் 240 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், செகண்டரி 24 வோல்ட் என்று இருந்தது. நம்மிடம் இருப்பது 230 வோல்ட். பத்து வோல்ட் குறைவுதானே, கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்து இணைத்துவிட்டேன். உடனே ஓர் உறுமல். லோடு அதிகமாக இருக்குமோ என்று செகண்டரியில் இருந்த எல்லாவற்றையும் கழற்றினேன். உறுமல் நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் வார்னிஷ் வாசம் வந்தது, கையை வைக்க முடியாத சூடு. செகண்டரி வெறுமனே திறந்து கிடக்கிறது, ஒரு வாட் வேலைகூட நடக்கவில்லை, ஆனாலும் கொதிக்கிறது.

இந்த விஷயத்தில் புதியவர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டிய நினைப்பு அதுதான். டிரான்ஸ்ஃபார்மர் சூடானால் லோடைக் குறைத்தால் போதும் என்று நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஹெர்ட்ஸ் மாறியதால் வரும் சூடு அந்த வகை இல்லை. இங்கே லோடைப் பாதியாக்கினாலும், அறவே எடுத்தாலும் தொல்லை போகாது. வோல்ட்டேஜைத்தான் குறைக்க வேண்டும்.

ஏன் அப்படி?

இரும்புக் கோருக்குள் ஓடும் காந்தப் பாயம், பட்டறை மொழியில் ஃபிளக்ஸ், பிரைமரிக்கு நாம் கொடுக்கும் வோல்ட்டேஜால் உருவாகிறது. வோல்ட்டேஜ் நேர்த்திசையில் இருக்கும் அரைச் சுற்று முழுவதும் ஃபிளக்ஸ் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போகும். வோல்ட்டேஜ் திசை மாறியதும் திரும்பி இறங்கும். ஆக, ஃபிளக்ஸ் எவ்வளவு உயரம் ஏறும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: வோல்ட்டேஜ் எவ்வளவு, அது எவ்வளவு நேரம் ஒரே திசையில் தள்ளுகிறது.

60 ஹெர்ட்ஸில் ஓர் அரைச் சுற்று 8.33 மில்லி செகண்ட். 50 ஹெர்ட்ஸில் 10 மில்லி செகண்ட். அதே வோல்ட்டேஜ் 20 சதவீதம் கூடுதல் நேரம் தள்ளுகிறது, ஃபிளக்ஸும் 20 சதவீதம் கூடுதல் உயரம் ஏறுகிறது. பாடப்புத்தகத்தில் வரும் சூத்திரமும் இதையேதான் சொல்கிறது:

```
V = 4.44 × f × N × A × B
```

V வோல்ட்டேஜ், f ஹெர்ட்ஸ், N பிரைமரியின் சுற்றுகள், A கோரின் குறுக்குப் பரப்பு, B ஃபிளக்ஸ் அடர்த்தியின் உச்சம். கையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் N, A இரண்டையும் நம்மால் மாற்ற முடியாது. மிஞ்சுவது B மட்டும். அது V-ஐ f-ஆல் வகுத்த எண்ணோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். இந்தச் சூத்திரத்தில் லோடு எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். லோடு ஏறும்போது பிரைமரி கம்பியில் கொஞ்சம் வோல்ட்டேஜ் விழுவதால் ஃபிளக்ஸ் துளி குறையும், அவ்வளவுதான்.

சரி, 20 சதவீதம் ஏறினால் என்ன? இரும்புக்கு ஓர் எல்லை இருக்கிறது. சிலிக்கான் எஃகு சுமார் 2 டெஸ்லா வரைதான் தாங்கும். அதை நெருங்கும்போது தெவிட்டிவிடும். அதற்கு மேல் ஃபிளக்ஸை இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டுமென்றால் மின்னோட்டத்தைப் பல மடங்கு கொடுக்க வேண்டும். தயாரிப்பாளர் இரும்பை வீணாக்க மாட்டார், 1.5 அல்லது 1.6 டெஸ்லா வரும்படி வடிவமைத்திருப்பார். 1.5-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 1.8. 1.6 என்றால் 1.92. இரண்டுமே வளைவு திரும்பிய பிறகு வரும் இடம். எனக்கு வந்த உறுமலும் சூடும் அங்கிருந்து வந்தவைதான்: சுமை இல்லாமலே பிரைமரியில் ஓடும் காந்தமாக்கும் மின்னோட்டம் எகிறிவிட்டது.

முதல் வேலை: பலகையைப் படித்து ஒரு வகுத்தல்

பெயர்ப்பலகையில் 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் யோசிக்க வேண்டாம். அது 50-க்குத் தேவையான இரும்போடு செய்யப்பட்டது, இரண்டிலும் ஓடும். 60 மட்டும் போட்டிருந்தால்தான் இந்தக் கட்டுரை. பலகையில் உள்ள வோல்ட்டை அதில் உள்ள ஹெர்ட்ஸால் வகுங்கள். பிறகு நீங்கள் கொடுக்கப்போகும் வோல்ட்டை உங்கள் ஹெர்ட்ஸால் வகுங்கள். என் 500 விஏ ஆளுக்கு:

```
பலகை:     240 / 60 = 4.0
கொடுத்தது: 230 / 50 = 4.6
விகிதம்:    4.6 / 4.0 = 1.15
```

வோல்ட்டேஜ் பத்து குறைவு என்று நினைத்துக்கொண்டு 15 சதவீதம் கூடுதல் ஃபிளக்ஸைத் திணித்திருக்கிறேன். சப்ளை எப்போதும் 230-இல் நிற்காது. 10 சதவீதம் ஏறி 253 ஆனால் வகுத்தல் 5.06, அதாவது 26 சதவீதத்துக்கு மேல் கூடுதல். கணக்கு எப்போதும் சப்ளை அதிகபட்சம் போகும் வோல்ட்டேஜுக்கும் சேர்த்துப் போட வேண்டும்.

எவ்வளவு வரை பொறுக்கலாம்? பவர் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கான ஐ.இ.சி. 60076-1 தரம், இந்த விகிதம் முழு லோடில் 5 சதவீதம் வரையும், லோடே இல்லாதபோது 10 சதவீதம் வரையும் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் தாங்க வேண்டும் என்கிறது. சின்ன டிரான்ஸ்ஃபார்மர்களுக்கும் நான் அதையே கைக்கணக்காக வைத்துக்கொள்கிறேன். விகிதம் 1.05-க்குள் இருந்தால் இணைக்கலாம். 1.05-க்கும் 1.10-க்கும் நடுவில் என்றால் அளந்து பார்க்காமல் இணைக்க மாட்டேன். அதற்கு மேல் என்றால் வோல்ட்டேஜைக் குறைக்காமல் வேலையில்லை.

இதே வகுத்தல் இன்னொரு பரவலான தவறையும் காட்டிக்கொடுக்கும். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் சாதனத்துக்கு 230-ஐ 120 ஆக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டால் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. சாதனத்துக்குள் போவது 120 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 120/50 = 2.4, பலகைப்படி 120/60 = 2.0. மறுபடியும் 20 சதவீதம். அங்கே 100 வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடினால் விகிதம் சரியாக ஒன்று வரும். சாதனத்துக்குள் இருப்பது எஸ்.எம்.பி.எஸ். என்றால் இந்தக் கவலையே இல்லை. அது உள்ளே வரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, தன்னுடைய சொந்த அதிர்வெண்ணில் வேலை செய்கிறது.

இரண்டாவது வேலை: வேரியாக் போட்டு வளைவைப் பார்ப்பது

பலகைக் கணக்கு வடிவமைப்பாளர் எவ்வளவு இடம் விட்டு வைத்தார் என்பதைச் சொல்லாது. ஒருவர் தாராளமாக 1.3 டெஸ்லா வைத்திருப்பார், இன்னொருவர் இரும்பை மிச்சம் பிடித்து 1.7 வைத்திருப்பார். பலகை இரண்டிலும் ஒன்றுதான். அதனால் அளந்துவிடுவது நல்லது. அரை மணி நேர வேலை.

தேவையானவை: வோல்ட்டேஜைப் பூஜ்யத்திலிருந்து திருகி ஏற்ற உதவும் ஒரு வேரியாக், ஒரு ட்ரூ ஆர்.எம்.எஸ். ஆம்பியர் மீட்டர், ஒரு வோல்ட் மீட்டர், தொடரில் ஒரு ஃபியூஸ். ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெவிட்டத் தொடங்கிய கோரின் மின்னோட்டம் அழகான சைன் அலையாக இருக்காது. ஒவ்வோர் அரைச் சுற்றின் முடிவிலும், வோல்ட்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஊசி போல ஒரு கூர்முனை எழும். ஃபிளக்ஸ் உச்சத்தைத் தொடுவது அங்கேதான். சாதாரண மீட்டர் சராசரியைப் பார்த்துக் குறைத்துக் காட்டும், நீங்கள் நிம்மதியாக ஏமாறுவீர்கள்.

செகண்டரியைத் திறந்து வையுங்கள், முனைகள் எதையும் தொடாதபடி. வேரியாக் பொதுவாக மெயினிலிருந்து தனிப்படுத்தப்பட்டது இல்லை. அதன் அவுட்புட்டில் பத்து வோல்ட்தான் காட்டுகிறது என்று கம்பியைத் தொட்டுவிடக் கூடாது, ஒரு முனை நேராக ஃபேஸாக இருக்கலாம். பூஜ்யத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என் டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் காட்டியது இது:

```
100 V   0.05 A
150 V   0.08 A
180 V   0.11 A
200 V   0.15 A
210 V   0.19 A
220 V   0.27 A
230 V   0.42 A
240 V   0.70 A
```

100-லிருந்து 200 வரை வோல்ட்டேஜ் இரு மடங்கானபோது மின்னோட்டம் மூன்று மடங்கானது. அது சாதாரணம். அதற்குப் பிறகு பாருங்கள்: 200-லிருந்து 220-க்கு, வெறும் 10 சதவீத ஏற்றத்துக்கு, 0.15 ஆம்பியர் 0.27 ஆகிறது, 80 சதவீத ஏற்றம். கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் சோதிப்பவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: வோல்ட்டேஜை 10 சதவீதம் ஏற்றும்போது மின்னோட்டம் 50 சதவீதம் ஏறும் இடத்தை வளைவின் முழங்கால் என்பார்கள். அந்த அளவுகோலை இங்கே கடன் வாங்கினால், 180-க்கு மேல் 10 சதவீதத்துக்கு ஏற்றம் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், 200-க்கு மேல் 80 சதவீதம். ஆகவே முழங்கால் 190-க்கு அக்கம்பக்கம். 240/60 என்ற பலகைக் கணக்கை 50-க்கு மாற்றினால் வரும் 200 வோல்ட், முழங்காலுக்கு ஒட்டி நிற்கிறது. வடிவமைப்பாளர் இரும்பில் இடம் எதுவும் விட்டு வைக்கவில்லை என்று தெரிந்துபோயிற்று.

முழு லோடில் இந்த பிரைமரியின் மின்னோட்டம் 500/240, அதாவது 2.08 ஆம்பியர். 230-இல் சும்மா இருக்கும்போதே 0.42 குடிக்கிறது, ஐந்தில் ஒரு பங்கு. 253-க்கு ஏறினால் என்ன ஆகும் என்று அளக்க நான் போகவில்லை. கடைசி இரண்டு வரிகளைப் பார்த்தாலே போதும், பத்து வோல்ட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஏறுகிறது.

வளைவின் வடிவம் கோரின் வகையைப் பொறுத்தது. ஈ-ஐ தகடு அடுக்கியதில் தகடுகள் சேரும் இடங்களில் சிறு இடைவெளிகள் இருப்பதால் முழங்கால் மெதுவாகத் திரும்பும், முன்கூட்டியே எச்சரிக்கும். வளையம் போன்ற டொராய்டில் அப்படி இல்லை. கடைசி வரை அமைதியாக இருந்துவிட்டு, சட்டென்று சுவரில் மோதியது போல மின்னோட்டம் பாயும். டொராய்டைச் சோதிக்கும்போது கடைசி முப்பது வோல்ட்டை இரண்டிரண்டாக ஏற்றுங்கள்.

மூன்றாவது வேலை: வோல்ட்டேஜை இறக்குவது

எனக்குத் தேவை 200 வோல்ட், இருப்பது 230. முதலில் டிரான்ஸ்ஃபார்மரிலேயே வழி இருக்கிறதா என்று பாருங்கள். பிரைமரியில் கூடுதல் டேப் இருந்தால் சுற்றுகள் அதிகமுள்ள டேப்புக்கு மாறினால் ஃபிளக்ஸ் குறையும். 480 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு இணைக்கக்கூடிய பிரைமரி இருந்தால் இன்னும் வசதி. 480/60 எட்டு, 400/50-உம் எட்டு. மூன்று ஃபேஸ் லைன்களுக்கு இடையிலுள்ள 400 வோல்ட்டை அப்படியே கொடுத்துவிடலாம். 415 வோல்ட் என்றாலும் 8.3-தான், நான்கு சதவீதத்துக்குள் இருக்கிறது. செகண்டரி வோல்ட்டேஜ் எப்படியும் அதே விகிதத்தில் இறங்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

என் டிரான்ஸ்ஃபார்மரில் டேப் எதுவும் இல்லை. அதனால் எதிர்த்து இணைத்த ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். 50 ஹெர்ட்ஸுக்கான, 230-ஐ 30 ஆக்கும் ஒன்று. அதன் பிரைமரி சப்ளையின் குறுக்கே. அதன் 30 வோல்ட் செகண்டரி, லோடுக்குப் போகும் கம்பியில் தொடராக, சப்ளையை எதிர்க்கும் திசையில். வெளியே 200 வோல்ட். இதில் அழகு என்னவென்றால், 500 விஏ-க்கு 500 விஏ துணை டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. அது கையாள்வது 30 வோல்ட் மட்டுமே: 30 × 2.08 = 62 விஏ. 30 வோல்ட், 3 ஆம்பியர் உள்ள ஒன்று தாராளம்.

திசை மாறினால் 200-க்குப் பதிலாக 260 வோல்ட் வரும். அதனால் பெரிய டிரான்ஸ்ஃபார்மரை இணைப்பதற்கு முன் மீட்டரில் பார்த்தே ஆக வேண்டும். 260 காட்டினால் 30 வோல்ட் பக்கத்தின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். அப்புறம், இந்த இணைப்பு சப்ளையிலிருந்து தனிப்படுத்தாது. தனிப்படுத்துவது பழைய டிரான்ஸ்ஃபார்மரின் வேலை, அது அப்படியே இருக்கிறது.

சப்ளை 253-க்கு ஏறினால்? வெளியே 220 வரும். 220/50 = 4.4, பலகையைவிட 10 சதவீதம் கூடுதல். என் அட்டவணையில் அந்த இடத்தில் 0.27 ஆம்பியர். எப்போதாவது வரும் ஏற்றத்துக்கு இது தாங்கும். சப்ளை நாள் முழுக்க உயரமாகவே இருக்கும் இடம் என்றால் 30-க்குப் பதில் 48 வோல்ட் எதிர்ப்பைத் தேர்ந்தெடுத்திருப்பேன்.

ரேட்டிங் எவ்வளவு குறைகிறது?

கம்பியின் தடிமன் மாறவில்லை, ஆகவே ஆம்பியர் எல்லை மாறவில்லை. வோல்ட்டேஜ் ஆறில் ஐந்து பங்காகிவிட்டது, விஏ-வும் ஆறில் ஐந்து பங்காகிறது. 200 × 2.08 = 417. 500 விஏ டிரான்ஸ்ஃபார்மர் இப்போது 417 விஏ டிரான்ஸ்ஃபார்மர். ரேட்டிங்கைக் குறைப்பது என்றால் இதுதான். சிலர் 240 வோல்ட்டை அப்படியே கொடுத்துவிட்டு, 417 விஏ லோடு மட்டும் போட்டால் சரி என்கிறார்கள். அது மருந்தை மாற்றிச் சாப்பிடுவது போல. லோடைக் குறைத்தது செம்பின் சூட்டைக் குறைக்கும், இரும்பின் தெவிட்டலைத் தொடவே தொடாது.

செகண்டரி 24-க்குப் பதில் 20 வோல்ட் தரும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. என் இயந்திரத்தில் அந்த 24 வோல்ட்டில் ஓடியவை பெரும்பாலும் காண்டாக்டர் காயில்கள், அவையும் 60 ஹெர்ட்ஸுக்கானவை. ஏ.சி. காயிலும் இரும்பில் சுற்றிய கம்பிதான், அதுவும் அதே வகுத்தலுக்குக் கட்டுப்பட்டது. 24/60 = 0.4, 20/50 = 0.4. அவற்றுக்கு 50 ஹெர்ட்ஸில் தேவையான வோல்ட்டேஜே 20-தான். முன்பு 23 வோல்ட் வந்தபோது காயில்களும் சேர்ந்து சூடாகிக்கொண்டிருந்தன, நான் கவனிக்கவில்லை.

எல்லா லோடும் இப்படி ஒத்துப்போகாது. விளக்கு மங்கும், ஹீட்டரின் சூடு குறையும். ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் இருக்கும் போர்டுக்கு இரட்டை அடி: உள்ளே வரும் வோல்ட்டேஜ் குறைவு, அதோடு கெப்பாசிட்டர் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே தாக்குப்பிடிக்க வேண்டிய நேரமும் 20 சதவீதம் அதிகம். முழு லோடில் ரெகுலேட்டரின் நுழைவாயில் எவ்வளவு பள்ளத்துக்கு இறங்குகிறது என்று ஆஸிலோஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். போதாவிட்டால் அந்தப் போர்டுக்கு மட்டும் தனியாக ஒரு 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதே சுலபம்.

நான்காவது வேலை: சூட்டை அளப்பது

கையை வைத்துப் பார்ப்பது அளவு ஆகாது. வைண்டிங்கின் உள் வெப்பத்தைச் செம்பே சொல்லும். குளிர்ந்திருக்கும்போது பிரைமரியின் ரெசிஸ்டன்ஸை அளந்து, அறை வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முழு லோடில் சூடு ஒரே நிலைக்கு வரும் வரை, நான்கைந்து மணி நேரம், ஓட்டுங்கள். நிறுத்திச் சப்ளையைத் துண்டித்த உடனே மறுபடி அளங்கள்.

```
T2 = (R2 / R1) × (234.5 + T1) − 234.5
```

என்னுடையது 30 டிகிரியில் 3.20 ஓம், ஓட்டி நிறுத்தியதும் 3.84 ஓம். விகிதம் 1.2. அதை 264.5-ஆல் பெருக்கி 234.5-ஐக் கழித்தால் சுமார் 83 டிகிரி. இது சராசரி, உள்ளே மிகச் சூடான இடம் இன்னும் பத்து டிகிரி கூடுதலாக இருக்கும். இன்சுலேஷன் ஏ வகுப்பு என்றால் எல்லை 105, பி வகுப்பு என்றால் 130. எது என்று பலகையில் இல்லாவிட்டால் நான் 105 என்றே வைத்துக்கொள்வேன். மூன்று ஓம் அளவை சாதாரண மல்டிமீட்டரின் லீட் கம்பியே கெடுத்துவிடும். ஒரு ஆம்பியர் நேர்மின்னோட்டம் செலுத்தி, வைண்டிங்கின் முனைகளிலேயே வோல்ட்டை அளந்து வகுப்பது நம்பகமானது.

சுவிட்ச் போடும் நொடியில் பிரேக்கர் விழுந்தால் அதையும் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா டிரான்ஸ்ஃபார்மருக்கும் தொடக்கப் பாய்ச்சல் உண்டு, ஆனால் ஏற்கெனவே முழங்காலில் நிற்கும் கோருக்கு அது இன்னும் கடுமையாக வரும். வோல்ட்டேஜை இறக்கிய பிறகு பிரேக்கர் விழுவது நின்றுவிட்டால் காரணம் அதுவேதான்.

எதிர்த்திசை: 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், 60 ஹெர்ட்ஸ் சப்ளை

இது சுலபமான பக்கம். அதே வோல்ட்டேஜில் ஃபிளக்ஸ் ஆறில் ஐந்து பங்காக இறங்கும், கோர் ஓய்வாக இருக்கும். இரும்பு இழப்பு கொஞ்சம் குறையும்: எடி மின்னோட்ட இழப்பு f, B இரண்டின் பெருக்கலைப் பொறுத்தது, அந்தப் பெருக்கல் மாறாததால் அதுவும் ஏறக்குறைய மாறாது. ஹிஸ்டெரிசிஸ் பங்கு பத்திலிருந்து பதினாறு சதவீதம் வரை இறங்கும். ரேட்டிங் அதே விஏ. ஆம்பியர் எல்லையும் மாறவில்லை, வோல்ட்டேஜும் மாறவில்லை என்பதால் கூடவும் செய்யாது.

மாறுவது ரியாக்டன்ஸ். அது ஹெர்ட்ஸோடு 20 சதவீதம் ஏறும். 4 சதவீத ரியாக்டன்ஸ் 4.8 ஆகும். 0.8 பவர் ஃபேக்டர் லோடில் வோல்ட்டேஜ் விழுவதில் ரியாக்டன்ஸின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 2.9 சதவீதமாகும், அரை சதவீத வித்தியாசம். ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் ஆறில் ஒரு பங்கு வரை குறையும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் என்றால் பிரேக்கர் செட்டிங்கை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சின்னவற்றில் ரெசிஸ்டன்ஸ்தான் ஆட்சி செய்கிறது, இதெல்லாம் தெரியவே தெரியாது.

ஆசை எங்கே வருகிறது என்றால், ஃபிளக்ஸில் இடம் இருக்கிறதே, வோல்ட்டேஜை ஏற்றினால் என்ன என்று. 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை 480 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் போட்டால் வகுத்தல் இரண்டிலும் எட்டு. ஃபிளக்ஸ் மாறாது, கணக்குப்படி 120 கேவிஏ கிடைக்கும். ஆனால் இப்போது B அப்படியே இருக்க f மட்டும் ஏறுகிறது. ஹிஸ்டெரிசிஸ் இழப்பு 1.2 மடங்கு, எடி இழப்பு 1.44 மடங்கு. தடித்த கம்பிக்குள்ளும் தொட்டியின் இரும்பிலும் சுழலும் சிதறல் இழப்பும் 1.44 மடங்கு. அந்தச் சூட்டை வெளியேற்றும் பரப்பு அதேதான். அதனால் தயாரிப்பாளரைக் கேட்காமல் நான் முழு 120-ஐ எழுத மாட்டேன், 110-இல் நிறுத்திக்கொள்வேன். இன்சுலேஷன் 480-க்குச் சம்மதிக்கிறதா என்பது தனிக் கேள்வி. இந்த அளவில் அது பெரும்பாலும் தொல்லை தராது, உயர் வோல்ட்டேஜ் பக்கத்தில் அதுவே முதல் கேள்வி.

இரண்டு திசையிலும் ஒத்துவராத ஒன்று இருக்கிறது: கெப்பாசிட்டரோடு ஒத்ததிர்வில் வேலை செய்து வெளியீட்டு வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் சி.வி.டி. வகை. அது ஒரே ஹெர்ட்ஸுக்காகவே பொருத்தப்பட்டது, வோல்ட்டேஜை மாற்றிச் சமாளிக்க முடியாது. அப்புறம், குளிர்விக்கும் விசிறி உள்ள டிரான்ஸ்ஃபார்மரை 60-க்குக் கொண்டுபோனால் விசிறி மோட்டார் 20 சதவீதம் வேகமாகச் சுழலும். விசிறி கேட்கும் சக்தி வேகத்தின் கன மடங்கில் ஏறுவதால் மோட்டாரின் சுமை சுமார் 1.7 மடங்காகும். டிரான்ஸ்ஃபார்மர் குளிர்ச்சியாக இருக்க, விசிறி மோட்டார் கருகிப்போவதை இப்படித்தான் பார்க்க நேரும்.

வேலை முடிந்ததும் பழைய பலகைக்குப் பக்கத்தில் ஒரு புதிய சீட்டு ஒட்டினேன்: "50 ஹெர்ட்ஸில் 200 வோல்ட், 417 விஏ, செகண்டரி 20 வோல்ட்". அடுத்து பெட்டியைத் திறப்பவர் பலகையில் 240 என்று பார்த்துவிட்டு, இந்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு என்று அதைக் கழற்றிப் போடாமல் இருக்க வேண்டுமே.